மூத்தது அமர்ந்த பிறகே இளையது

பாஸ்கராச்சாரியர் 1150-ல் எழுதிய லீலாவதியில் 'அங்கபாசம்' என்றொரு பகுதி உண்டு. இலக்கங்களை இடம் மாற்றி மாற்றி அடுக்கும் கணக்குகள் அதில் வருகின்றன. அவற்றில் ஒரு கேள்வி இது: 2, 2, 1, 1 என்ற நான்கு இலக்கங்களை வைத்து எத்தனை வெவ்வேறு எண்கள் எழுதலாம்? அவற்றையெல்லாம் கூட்டினால் என்ன வரும்?

நான்கு இலக்கங்களும் வெவ்வேறாக இருந்தால் 4 × 3 × 2 × 1 = 24 எண்கள் கிடைக்கும். இங்கே இரண்டு 2-கள் ஒன்றுக்கொன்று இடம் மாறினாலும் புதிய எண் பிறப்பதில்லை. ஆகவே 24-ஐ 2-ஆல் வகுக்க வேண்டும். இரண்டு 1-களுக்காக இன்னொரு முறை 2-ஆல் வகுத்தால் விடை 6. அந்த ஆறு எண்களிலும் ஒன்றின் இடத்தில் மூன்று முறை 1-ம் மூன்று முறை 2-ம் வரும்; கூட்டினால் 9. பத்தின் இடத்திலும் நூறின் இடத்திலும் ஆயிரத்தின் இடத்திலும் அப்படியே. ஆக மொத்தக் கூட்டல் 9999. ஆறு எண்களில் ஒன்றைக்கூட எழுதிப் பார்க்காமலேயே விடை வந்துவிட்டது.

எண்ணிக்கையைச் சொல்வது இவ்வளவு சுலபம். அந்த ஆறையும் ஒன்றுகூட விடாமல், ஒன்றுகூடத் திரும்ப வராமல் வரிசையாக எழுதிக் காட்டு என்று கணினியிடம் கேட்டால்தான் சிக்கல் தொடங்குகிறது. கணினியின் நினைவகத்தில் இந்த நான்கு இலக்கங்களும் நான்கு தனித்தனி இடங்களில் இருக்கின்றன. முதல் இடத்து 1-ம் இரண்டாம் இடத்து 1-ம் நம் கண்ணுக்கு ஒன்றுதான். இடத்தை வைத்து வேலை செய்யும் நிரலுக்கு அவை இரண்டு வெவ்வேறு பொருள்கள். பைத்தான் மொழியோடு சேர்ந்தே வரும் `itertools.permutations` என்ற கருவியிடம் இந்த நான்கையும் கொடுத்துப் பாருங்கள். ஆறு எண்கள் வேண்டிய இடத்தில் 24 வரும், ஒவ்வொன்றும் நான்கு முறை. அது கருவியின் பிழை இல்லை. மதிப்பைப் பார்க்காமல் இடத்தை மட்டும் பார்த்து அடுக்குவதே அதன் விதி.

பலருக்கும் முதலில் தோன்றும் வழி, வந்த 24-ஐயும் ஒரு `set`-க்குள் போட்டு, திரும்ப வந்தவற்றைக் கழித்துவிடுவது. நான்கு இலக்கங்களுக்கு அது போதும். வரிசை கொஞ்சம் நீண்டால் நிலைமை மாறிவிடும். MISSISSIPPI என்ற சொல்லில் 11 எழுத்துகள்: I நான்கு, S நான்கு, P இரண்டு, M ஒன்று. இவற்றைக் கொண்டு அமையும் வெவ்வேறு அடுக்குகள் 34,650. ஆனால் எழுத்துகளை இடம் பார்த்து அடுக்கினால் 3,99,16,800 வரும். ஏறக்குறைய நான்கு கோடி அடுக்குகளை உருவாக்கி, ஒவ்வொன்றையும் ஏற்கெனவே வந்ததா என்று ஒப்பிட்டு, முப்பத்து நாலாயிரத்துச் சொச்சத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் தூக்கி எறிய வேண்டும். ஒவ்வொரு நல்ல அடுக்குக்கும் 1,152 முறை உழைப்பு. கிளை முளைக்கும் இடத்திலேயே வீணானதைக் கண்டுபிடித்து நிறுத்த முடியும் என்னும்போது, இப்படி விளைய விட்டுப் பிறகு களைவதை நல்ல நிரல் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அடுக்குகளை உருவாக்கும் அடிப்படை வேலை எளிமையானது. நான்கு காலி இடங்கள் இருக்கின்றன. முதல் இடத்துக்கு ஓர் இலக்கத்தைத் தேர்ந்தெடுக்கிறோம். அது உபயோகத்தில் இருக்கிறது என்று ஒரு குறி போடுகிறோம். அடுத்த இடத்துக்குக் குறி இல்லாதவற்றில் ஒன்றை எடுக்கிறோம். நான்கு இடமும் நிரம்பியதும் அந்த அடுக்கை எழுதி வைத்துக்கொண்டு ஓர் அடி பின்வாங்குகிறோம்: கடைசியாக வைத்ததை எடுத்துவிட்டு, அதன் குறியையும் அழித்து, அந்த இடத்துக்கு அடுத்த இலக்கம் பொருந்துமா என்று பார்க்கிறோம். நிரலாளர்கள் இதை பேக்டிராக்கிங் என்பார்கள். அந்தக் குறிக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் `used`. ஒவ்வோர் இலக்கத்துக்கும் ஒன்றாக, `True` அல்லது `False` என்று இரண்டே நிலைகள். இந்தக் குறி மட்டும் இருந்தால் ஒரே பொருள் ஒரே அடுக்கில் இரண்டு முறை வராமல் தடுக்கும். ஒரே அடுக்கு இரண்டு முறை வருவதை அதனால் தடுக்க முடியாது.

அதைத் தடுக்க இரண்டு சிறிய சேர்க்கைகள் போதும். ஒன்று, வேலையைத் தொடங்குமுன் வரிசையைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கிவிடுவது. 2, 2, 1, 1 இப்போது 1, 1, 2, 2 ஆகிறது. ஒரே மதிப்புள்ளவை பக்கத்தில் பக்கத்தில் வந்துவிடும். ஒரு பொருளுக்கு இரட்டை உண்டா என்று அறிய இடப்பக்கத்தில் இருப்பதை மட்டும் பார்த்தால் போதும். இன்னொன்று, ஒரு கட்டுப்பாடு. உருவத்தில் அச்சாக ஒரே மாதிரி இருக்கும் இரட்டைச் சகோதரர்களை ஒரு வரிசையில் உட்கார வைத்துப் படம் எடுப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அண்ணனும் தம்பியும் இடம் மாறி உட்கார்ந்தாலும் படத்தில் வித்தியாசம் தெரியாது. ஆகவே அண்ணன் எப்போதும் தம்பிக்கு இடப்பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்று வைத்துவிட்டால் ஒரே படம் இரண்டு முறை வராது. நாற்காலிகளை இடமிருந்து வலமாக நிரப்புவதால் இதையே வேறு மாதிரியும் சொல்லலாம்: அண்ணன் உட்காராத வரை தம்பியை உட்கார வைக்கக் கூடாது.

நிரலில் இந்தக் கட்டுப்பாடு ஒரே வரி. `a[i]` தன் இடப்பக்கத்து `a[i-1]`-க்குச் சமமாக இருந்து, அந்த `a[i-1]` இன்னும் உபயோகத்துக்கு வரவில்லை என்றால், `a[i]`-ஐத் தாண்டிப் போ. முழு நிரலும் இதோ:

```python
def arrangements(items):
    a = sorted(items)
    used = [False] * len(a)
    path, result = [], []

    def place():
        if len(path) == len(a):
            result.append(path[:])
            return
        for i in range(len(a)):
            if used[i]:
                continue
            if i > 0 and a[i] == a[i-1] and not used[i-1]:
                continue
            used[i] = True
            path.append(a[i])
            place()
            path.pop()
            used[i] = False

    place()
    return result
```

பாஸ்கரரின் நான்கு இலக்கங்களை இதற்குள் அனுப்பி, நாமும் கூடவே நடந்து பார்ப்போம். அடுக்கிய பின் இருப்பவை: மூத்த 1, இளைய 1, மூத்த 2, இளைய 2.

முதல் இடத்துக்கு மூத்த 1-ஐ வைக்கலாம். அதன் கீழ் வரும் எல்லாம் முடிந்து திரும்பி வந்ததும், அதே முதல் இடத்துக்கு இளைய 1-ஐ வைக்கலாமா என்ற கேள்வி எழுகிறது. மூத்த 1 எழுந்து போய்விட்டது. அதன் குறி அழிந்திருக்கிறது. இளையதைத் தாண்டிவிட வேண்டும். இங்கே நிறுத்தாவிட்டால் 1-ல் தொடங்கும் அத்தனை அடுக்குகளும் முழுதாக இன்னொரு முறை வந்திருக்கும். பிறகு மூத்த 2 வரலாம். இளைய 2 வர முடியாது. ஆக முதல் இடத்தில் நான்கு கிளைகள் முளைக்க வேண்டிய இடத்தில் இரண்டே கிளைகள்.

மூத்த 1 முதல் இடத்தில் இருக்கும்போது இரண்டாம் இடத்தைப் பார்ப்போம். இளைய 1 இப்போது வரலாமா? மூத்தது அமர்ந்திருக்கிறது, குறி `True`. ஆகவே வரலாம். அடுத்து மூத்த 2 வரலாம். இளைய 2 வரக் கூடாது. 1, 1 என்று தொடங்கிய கிளையில் மூத்த 2-ம் அதன் பின் இளைய 2-ம் வந்து 1122 பிறக்கிறது. 1, 2 என்று தொடங்கிய கிளையில் மூன்றாம் இடத்துக்கு இளைய 1 வந்தால் 1212. மூத்த 2 ஏற்கெனவே அமர்ந்திருப்பதால் மூன்றாம் இடத்துக்கு இளைய 2-ம் வரலாம், அப்போது 1221.

மூத்த 2-ல் தொடங்கும் பக்கமும் இதே போலத்தான். 2, 1 என்ற கிளையில் 2112, 2121 என இரண்டு. 2, 2 என்ற கிளையில் 2211 ஒன்று. மொத்தம் ஆறு, அதுவும் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்பட்டே வருகின்றன. கூட்டிப் பாருங்கள்: 1122 + 1212 + 1221 + 2112 + 2121 + 2211 = 9999.

இந்த நடையில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. நுழைந்த கிளைகளில் ஒன்றுகூட முட்டுச்சந்தில் போய் நிற்கவில்லை; ஒவ்வொன்றும் ஓர் அடுக்கில் போய் முடிந்தது. தொடக்க நிலையையும் சேர்த்து எண்ணினால் `place()` மொத்தம் 19 முறை அழைக்கப்படுகிறது: 1, 2, 4, 6, 6. கட்டுப்பாட்டு வரியை எடுத்துவிட்டால் இதுவே 65 ஆகும்: 1, 4, 12, 24, 24. மிச்சமானது ஒவ்வொரு மட்டத்திலும் மிச்சமானது, முக்கியமாக மேல் மட்டத்தில். மேலே ஒரு கிளையை வெட்டினால் அதன் கீழ் உள்ள அத்தனையும் சேர்ந்தே போய்விடும்.

ஆறும் வந்தது சரி, எந்த வரிசைக்கும் இப்படிச் சரியாக வரும் என்று எப்படி நம்புவது? இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும். எதுவும் விட்டுப்போகாதா? எதுவும் திரும்ப வராதா?

விட்டுப்போகாது என்பதற்கு, ஏதாவது ஓர் அடுக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 2121 என்றே இருக்கட்டும். இதில் இருக்கும் 1-களுக்கு இடமிருந்து வலமாக மூத்தது, இளையது என்று பெயரிடுங்கள். 2-களுக்கும் அப்படியே. இப்போது இந்த அடுக்கை நிரல் இடமிருந்து கட்டும்போது ஒவ்வோர் இளையது வரும் நேரத்திலும் அதன் மூத்தது முன்பே அமர்ந்திருக்கும். கட்டுப்பாடு எங்கும் குறுக்கே வராது. ஆகவே இந்த அடுக்கு கட்டாயம் வந்தே தீரும். திரும்ப வராது என்பதற்கும் இதிலேயே விடை இருக்கிறது. மூத்தது முன், இளையது பின் என்று பெயரிட ஒரே ஒரு வழிதான் உண்டு. ஆகவே ஒவ்வோர் அடுக்கையும் கட்ட நிரலுக்கு ஒரே ஒரு வழிதான் திறந்திருக்கிறது. ஒரே மதிப்பு மூன்று, நான்கு முறை வந்தாலும் வாதம் மாறாது. ஒவ்வொன்றும் தனக்கு முந்தியதை மட்டும் பார்க்கிறது. முந்தியது தனக்கு முந்தியதைப் பார்க்கிறது. சங்கிலி போல முழு வரிசையும் ஒழுங்குக்கு வந்துவிடுகிறது.

இந்த நிரலைக் கற்பவர்கள் பெரும்பாலும் தடுமாறும் இடம் அந்த `not`. சில நிரல்களில் அதே வரி `not` இல்லாமல், `used[i-1]` என்றே எழுதப்பட்டிருப்பதைப் பார்க்கலாம். இரண்டும் நேரெதிரான நிபந்தனைகள். எது சரி? இரண்டும் சரியான விடையையே தரும். `not` இல்லாத வடிவம், மூத்தது ஏற்கெனவே அமர்ந்திருந்தால் இளையது வரக் கூடாது என்கிறது. அதாவது இளையதுதான் முதலில் அமர வேண்டும். இரட்டையருக்குள் யார் முதலில் என்பதை மாற்றி வைத்தோமே தவிர, ஒழுங்கு ஒன்றுதான் என்பது மாறவில்லை. ஆகவே விடைகளும் மாறவில்லை.

ஆனால் உழைப்பு மாறுகிறது. 1, 1, 1 என்று மூன்றும் ஒன்றாக இருக்கும் வரிசையை எடுத்துக்கொள்வோம். விடை ஒன்றே ஒன்று: 111. `not` உள்ள வடிவம் முதலாவது, இரண்டாவது, மூன்றாவது என்று நேராகப் போகிறது. தொடக்கத்தோடு சேர்த்து நான்கு அழைப்புகளில் வேலை முடிகிறது. `not` இல்லாத வடிவத்தில் முதல் இடத்துக்கு மூன்றில் எதை வேண்டுமானாலும் வைக்கலாம், ஏனென்றால் எதுவும் இன்னும் உபயோகத்துக்கு வரவில்லை. மூத்ததை வைத்துத் தொடங்கினால் கொஞ்ச தூரம் போன பிறகுதான், நடுவில் உள்ளது இனி எப்போதும் அமர முடியாது என்று தெரிகிறது. அங்கிருந்து வெறுங்கையோடு திரும்ப வேண்டும். கடைசியிலிருந்து முன்னோக்கி வரும் ஒரு வழி மட்டும்தான் முடிவு வரை போகும். மொத்தம் ஒன்பது அழைப்புகள். மூன்று பொருள்களுக்கே நான்குக்கு ஒன்பது என்றால், நீண்ட வரிசையில் இந்த இடைவெளி விரைவாக விரியும். விடை சரியாக வருவதால் இந்த வேறுபாடு சோதனையில் தெரியாது, நேரம்தான் காட்டிக்கொடுக்கும். நான் எப்போதும் `not` உள்ள வடிவத்தையே எழுதச் சொல்வேன்.

தவறுகள் பல விதமாக வரும். ஒவ்வொன்றும் தன் அடையாளத்தோடுதான் வரும். முதலில் வரிசைப்படுத்த மறப்பது. 1, 1, 2, 1 என்ற வரிசைக்கு வர வேண்டிய அடுக்குகள் நான்கு: 2 எந்த இடத்தில் நிற்கிறது என்பது மட்டுமே மாறும். `sorted` என்பதை விட்டுவிட்டு ஓட்டினால் 12 வரும். ஏன் 24 வரவில்லை? முதல் இரண்டு 1-களும் பக்கத்தில் இருப்பதால் அவற்றுக்குள் ஒழுங்கு காக்கப்படுகிறது. கடைசி 1-க்கு இடப்பக்கம் 2 இருப்பதால் அது தன் இனத்தைப் பார்க்காமல் சுதந்திரமாகத் திரிகிறது. பாதி வேலை செய்து பாதி வேலை செய்யாத இந்த நிலைதான் ஆபத்தானது. 1, 1, 2 போல, கொடுக்கும்போதே வரிசையில் இருக்கும் உதாரணங்களை மட்டும் வைத்துச் சோதித்தால் பிழை வெளியே தெரியாமல் போய்விடும். சோதனைக்கு 1, 2, 1 போலச் சிதறிய வரிசை ஒன்றைக் கட்டாயம் சேர்க்க வேண்டும்.

கட்டுப்பாட்டு வரியில் `used` பகுதியை விட்டுவிட்டு, சமமாக இருந்தால் தாண்டிப் போ என்று மட்டும் எழுதுபவர்களும் உண்டு. அப்போது இளையவை எந்த இடத்திலும் அமரவே முடியாது. நான்கு இடங்களும் நிரம்புவதில்லை. விடையாக ஒரு வெறும் பட்டியல் வரும். வெறும் பட்டியலைப் பார்த்ததும் நேராக இந்த வரிக்குப் போய்ப் பார்க்கலாம். `path[:]` என்று நகல் எடுப்பதற்குப் பதிலாக `path` என்றே சேர்த்துவிட்டால் இன்னொரு விநோதம் நடக்கும்: எண்ணிக்கை சரியாக ஆறு இருக்கும், ஆனால் ஆறும் வெறுமையாக இருக்கும். ஆறும் ஒரே பட்டியலையே சுட்டுகின்றன. பின்வாங்கிப் பின்வாங்கி அந்தப் பட்டியல் காலியாகிவிட்டது. குறியை `False` ஆக்க மறந்தாலோ, 1122 என்ற ஒரே விடையோடு நிரல் நின்றுவிடும்.

எண்ணிக்கையைச் சரிபார்க்கத்தான் முதலில் பார்த்த வகுத்தல் இருக்கிறது. பொருள்களின் மொத்த எண்ணிக்கைக்கான பெருக்கலை எடுத்து, ஒவ்வொரு மதிப்பும் எத்தனை முறை வருகிறதோ அதற்கான பெருக்கலால் வகுக்க வேண்டும். நிரல் தந்த பட்டியலின் நீளம் அதற்குச் சமமாக இருக்க வேண்டும். அதே பட்டியலை `set`-க்குள் போட்டாலும் நீளம் குறையக் கூடாது. தேவையில்லை என்று ஒதுக்கிய `set`, சிறிய சோதனைகளுக்கு நல்ல சாட்சியாக உதவும். பாஸ்கரரின் இன்னொரு கேள்வியில் 4, 8, 5, 5, 5 வருகிறது. அதற்கு 20 எண்கள், கூட்டல் 11,99,988. இலக்கங்களை வைத்து எழுதிய நிரலைச் சோதிக்க இதைவிட வசதியான கணக்கு எனக்குத் தெரியவில்லை. அடுக்கப்படாமல் கொடுக்கப்பட்டிருக்கிறது, ஒரு மதிப்பு மூன்று முறை வருகிறது, கூட்டலும் கையில் இருக்கிறது.

இந்த முறை முழுதும் ஒன்றை நம்பி நிற்கிறது: சமமானவற்றைச் சமம் என்று கணினி சொல்ல வேண்டும். எண்களில் இது பெரும்பாலும் தொல்லை தராது. தமிழ்ச் சொற்களில் வேலை செய்பவர்கள் இங்கே கவனமாக இருக்க வேண்டும். 'பாப்பா' என்ற சொல்லின் எழுத்துகளை மாற்றி அடுக்கச் சொன்னால் நாம் எதிர்பார்ப்பது பா, ப், பா என்ற மூன்று எழுத்துகளின் மூன்று அடுக்குகள். ஆனால் பைத்தானில் `list("பாப்பா")` என்று பிரித்தால் ஆறு துண்டுகள் வரும்: ப மூன்று, கால் இரண்டு, புள்ளி ஒன்று. நிரல் ஒரு தவறும் செய்யாமல் 60 அடுக்குகளைத் தரும். அவற்றில் பல, கால் தனியாக நிற்கும், புள்ளி தனியாக மிதக்கும், வாசிக்கவே முடியாத கோவைகள். முதலில் சொல்லை முழு எழுத்துகளாகப் பிரித்து, அந்தப் பட்டியலை நிரலுக்குக் கொடுக்க வேண்டும்.

இன்னொரு சிக்கல் கண்ணுக்கே தெரியாதது. 'கொ' என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்க முடியும். க-வோடு ஒகரக் குறியை ஒரே குறியீடாகச் சேர்க்கலாம். அல்லது க-வோடு கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியீடுகளாகச் சேர்க்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். `==` கேட்டால் `False` வரும். கொ, டி, கொ என்ற பட்டியலில் ஒரு கொ ஒரு விதமாகவும் மற்றது வேறு விதமாகவும் இருந்தால், மூன்று அடுக்குகளுக்குப் பதில் ஆறு வரும். அவற்றில் ஒவ்வொன்றுக்கும் திரையில் ஓர் இரட்டை இருக்கும். நிரலின் கட்டுப்பாட்டு வரியை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் தவறு அகப்படாது. ஒவ்வொரு எழுத்துக்கும் `len` கேட்டுப் பார்த்தால் ஒன்றில் 2, மற்றதில் 3 என்று வரும். அங்கேதான் உண்மை வெளிப்படும். வரிசைப்படுத்துவதற்கு முன்பே எல்லாவற்றையும் `unicodedata.normalize("NFC", s)` வழியாக அனுப்பினால் இரண்டும் ஒரே வடிவத்துக்கு வந்துவிடும்.

இந்த முறையின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். திரும்ப வருவதை மட்டுமே இது தடுக்கிறது. உண்மையிலேயே வெவ்வேறான அடுக்குகள் ஏராளமாக இருந்தால் அத்தனையையும் எழுதித்தான் ஆக வேண்டும். இரட்டையே இல்லாத 12 பொருள்களுக்கு 47,90,01,600 அடுக்குகள். அங்கே கட்டுப்பாட்டு வரிக்கு வேலையே இல்லை. அவ்வளவையும் `result`-ல் சேர்த்து வைத்தால் நினைவகம் தாங்காது. அடுக்கு பிறந்த கையோடு அதை உபயோகித்துவிட்டு விட்டுவிடும்படி எழுத வேண்டும். பைத்தானில் அதற்கு `yield` இருக்கிறது.

குறியும் வேண்டாம், பின்வாங்கலும் வேண்டாம் என்று வேறொரு வழியும் உண்டு. 1356-ல் நாராயண பண்டிதர் எழுதிய கணித கௌமுதியில் இருக்கும் முறை அது; ஓர் அடுக்கு கையில் இருந்தால் அதற்கு அடுத்ததை நேரடியாகக் கட்டுவது. 1221-ஐ எடுத்துக்கொள்வோம். வலமிருந்து வரும்போது, தன் வலப்பக்கத்து இலக்கத்தைவிடச் சிறியதாக இருக்கும் முதல் இலக்கம் எது? முதலில் நிற்கும் 1. வலமிருந்து தேடினால் அதைவிடப் பெரியதாக முதலில் அகப்படுவது மூன்றாம் இடத்து 2. இரண்டையும் இடம் மாற்றினால் 2211; முதல் இலக்கத்துக்குப் பின்னுள்ள 211-ஐத் திருப்பிப் போட்டால் 2112. நம் நிரல் 1221-க்குப் பிறகு தந்ததும் இதுதான். 'சிறியது', 'பெரியது' என்ற இரண்டு ஒப்பீடுகளிலும் சமம் சேராததால் இரட்டைகள் தாமாகவே விலகிவிடுகின்றன. சி++ மொழியின் `std::next_permutation` தருவதும் இதே அடுத்த அடுக்கைத்தான்.

அப்படியானால் குறி போடும் முறை எதற்கு? எல்லா அடுக்குகளும் வேண்டும் என்று மட்டும் இருந்தால் நாராயணரின் வழியே எனக்கு மேலாகத் தெரிகிறது. ஆனால் நடைமுறையில் கேள்வி பெரும்பாலும் அதோடு நிற்பதில்லை. ஒரே இலக்கம் அடுத்தடுத்து வரக் கூடாது என்று ஒரு நிபந்தனை சேர்ந்தால், ஆறில் தகுதி பெறுபவை 1212-ம் 2121-ம் மட்டுமே. அடுத்தது, அடுத்தது என்று கட்டிக்கொண்டு போகும் முறை ஆறையும் முழுதாகக் கட்டிப் பார்த்துத்தான் நான்கை ஒதுக்க முடியும். இடம் இடமாக நிரப்பும் நம் நிரலிலோ, கட்டுப்பாட்டு வரிக்குக் கீழே இந்த இரண்டு வரிகளைச் சேர்த்தால் போதும்:

```python
            if path and path[-1] == a[i]:
                continue
```

1, 1 என்று தொடங்கும் கிளை இரண்டாம் இடத்திலேயே நின்றுவிடுகிறது. 2, 2 என்று தொடங்குவதும் அங்கேயே. மூத்தது இளையது ஒழுங்கும் கெடுவதில்லை, ஏனென்றால் புதிய நிபந்தனை மதிப்பைத்தான் பார்க்கிறது. மூத்ததை மறுக்கும் இடத்தில் இளையதையும் மறுத்தே தீரும். 19 அழைப்புகள் 9 ஆகின்றன.